ஒரே பச்சைச் சாற்றில் இரண்டு பச்சையங்கள்

இலையை அசிட்டோனில் அரைத்து வடிகட்டினால் தெளிவான பச்சைத் திரவம் கிடைக்கிறது. பார்வைக்கு அது ஒரே நிறம்தான். ஆனால் அந்தப் பச்சைக்குள் இரண்டு பச்சை நிறமிகள் கலந்திருக்கின்றன. ஒன்று நீலம் கலந்த பச்சை, பச்சையம் ஏ. மற்றொன்று மஞ்சள் கலந்த பச்சை, பச்சையம் பி. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைச் சாற்றைச் சுண்ணப் பொடி நிரப்பிய குழாய் வழியே இறக்கி, இந்த இரண்டையும் தனித்தனி வண்ணப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார். வேதி அமைப்பில் இவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பெரிய வளைய மூலக்கூறின் ஓர் ஓரத்தில் ஏ-யில் மீத்தைல் தொகுதியும் பி-யில் ஆல்டிஹைடு தொகுதியும் இருக்கின்றன, அவ்வளவுதான். அந்தச் சிறு மாற்றமே ஒளியை விழுங்கும் இடத்தைச் சற்று நகர்த்திவிடுகிறது.

ஒரு சாற்றில் ஏ எவ்வளவு, பி எவ்வளவு என்று அறிய இரண்டையும் பிரித்தாக வேண்டும் என்பதில்லை. சாற்றை அப்படியே ஒரு கண்ணாடிக் குவெட்டில் ஊற்றி, சிவப்பு ஒளியின் இரண்டு அலைநீளங்களில் அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்தால் போதும். இரண்டு அளவீடுகளும் ஏற்கெனவே தெரிந்த நான்கு எண்களும் சேர்ந்தால் இரண்டு செறிவுகளும் கிடைத்துவிடும். தாவரவியல், வேளாண்மை, நீர்நிலை ஆய்வு எனப் பல துறைகளின் ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் வேலை இது.

இதற்கு அடிப்படை பீர்-லாம்பர்ட் விதி. நிறமுள்ள கரைசல் வழியே ஒளி செல்லும்போது அதில் ஒரு பங்கு உறிஞ்சப்படுகிறது. உள்ளே நுழையும் ஒளிக்கும் வெளியே வரும் ஒளிக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை உறிஞ்சளவு என்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு ஒளி மட்டும் வெளியே வந்தால் உறிஞ்சளவு 1. நூற்றில் ஒரு பங்கு வந்தால் 2. பாதி வந்தால் ஏறக்குறைய 0.3. மடக்கையில் சொல்வதால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: உறிஞ்சளவு செறிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். செறிவு இரண்டு மடங்கானால் உறிஞ்சளவும் இரண்டு மடங்காகும்.

ஒரு லிட்டரில் ஒரு மோல் பொருள் கரைந்து, ஒளி அதனூடே ஒரு சென்டிமீட்டர் தூரம் சென்றால் கிடைக்கக்கூடிய உறிஞ்சளவே அந்தப் பொருளின் மோலார் உறிஞ்சுதிறன். அது பொருளைப் பொறுத்தது, அலைநீளத்தைப் பொறுத்தது, எந்தக் கரைப்பானில் கரைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்த மூன்றும் மாறாதவரை அது மாறாத எண். பச்சையங்களுக்கு இந்த எண் பல்லாயிரக் கணக்கில் இருப்பதால், லிட்டருக்குச் சில மைக்ரோமோல் அளவே கரைந்திருந்தாலும் சாறு கண்ணுக்கு நன்றாகப் பச்சையாகத் தெரிகிறது.

கரைசலில் இரண்டு நிறமிகள் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றையொன்று பாதிக்காமல் அவை தனித்தனியே மிதந்துகொண்டிருந்தால், ஒவ்வொன்றும் தன் பங்கு ஒளியை விழுங்கும். கருவி காட்டும் உறிஞ்சளவு அந்த இரண்டு பங்குகளின் கூட்டுத்தொகை. எந்தப் பங்கு யாருடையது என்று கருவிக்குத் தெரியாது. அதைப் பிரித்தறிவதுதான் கணக்கின் வேலை.

ஒரே ஓர் அலைநீளத்தில் அளந்தால் அந்தக் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். கூட்டுத்தொகை தெரிந்தால் கூட்டப்பட்ட இரண்டு எண்கள் எவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேறோர் அலைநீளத்தில் அதே இரண்டு நிறமிகளும் வேறு விகிதத்தில் ஒளியை உறிஞ்சுமானால், அங்கே அளப்பது ஒரு புதிய தகவல். அப்போது தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. பள்ளியில் படித்த ஒருங்கமை சமன்பாடுகளே இங்கே போதும்.

80 சதவீத அசிட்டோனில், அதாவது நான்கு பங்கு அசிட்டோனும் ஒரு பங்கு நீரும் கலந்த கரைப்பானில், பச்சையம் ஏ சிவப்புப் பகுதியில் 663.6 நானோமீட்டரில் உச்சமாக உறிஞ்சுகிறது. பச்சையம் பி-யின் உச்சம் 646.6 நானோமீட்டர். 1989இல் ஆஸ்திரேலியாவின் போரா, தாம்ப்சன், கிரீட்மன் மூவரும் வெளியிட்ட மோலார் உறிஞ்சுதிறன்கள் இவை. ஏ-க்கு 663.6இல் 76,790, 646.6இல் 18,580. பி-க்கு 663.6இல் 9,790, 646.6இல் 47,040. மோல் கணக்கில் எழுதினால் செறிவுகள் மிகச் சிறிய பின்னங்களாக வரும். அதனால் செறிவை லிட்டருக்கு மைக்ரோமோல் என்று வைத்துக்கொண்டு, இந்த எண்களைப் பத்து லட்சத்தால் வகுத்து எழுதுவது வசதி. குவெட்டின் அகலம் ஒரு சென்டிமீட்டர். அப்போது சமன்பாடுகள் இப்படி அமையும்:

A(663.6) = 0.07679 × ஏ + 0.00979 × பி
A(646.6) = 0.01858 × ஏ + 0.04704 × பி

முதல் சமன்பாட்டில் ஏ-யின் குணகம் பி-யினுடையதைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. எனவே 663.6இல் கிடைக்கும் அளவீட்டில் பெரும்பகுதி ஏ-யைப் பற்றியது. இரண்டாவதில் நிலைமை அவ்வளவு சுத்தமாக இல்லை. பி-யின் உச்சமே அதுதான் என்றாலும், அங்கே ஏ-யின் குணகத்தைவிடப் பி-யின் குணகம் இரண்டரை மடங்குதான் பெரியது. இலைகளிலோ பி-யைவிட ஏ பொதுவாக மூன்று மடங்கு அதிகம். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், பி-யின் உச்சத்தில் அளக்கும்போதும் கிடைக்கும் எண்ணில் பாதிக்கு மேல் ஏ-யிடமிருந்து வரலாம் என்பது விளங்கும். இந்த முறையின் பலவீனங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

சமன்பாடுகளைத் தீர்ப்பது எளிது. முதல் சமன்பாட்டை 0.04704ஆலும் இரண்டாவதை 0.00979ஆலும் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பி மறைந்து ஏ மட்டும் மிஞ்சும். அதே வழியில் ஏ-யை நீக்கிப் பி-யைப் பெறலாம். முடிவாக வரும் சூத்திரங்கள், லிட்டருக்கு மைக்ரோமோலில்:

ஏ = 13.71 × A(663.6) − 2.85 × A(646.6)
பி = 22.39 × A(646.6) − 5.42 × A(663.6)

ஆய்வகச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் சூத்திரங்கள் இந்த வடிவில்தான் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று பல மாணவர்களுக்குச் சொல்லித் தரப்படுவதில்லை. மேலே உள்ள நான்கு குணகங்களைத் தவிர அவற்றில் வேறு எதுவும் இல்லை. கழித்தல் குறி எதற்கு என்பதும் தெளிவு: பி-யின் அலைநீளத்தில் ஏ செலுத்திய பங்கை எடுத்துவிடுவதற்கு.

கணக்கை ஒரு மாதிரி இலையில் செய்து பார்க்கலாம். நடுநரம்பை நீக்கிய இலைத் துண்டு 100 மில்லிகிராம். அதைக் குளிர்ந்த பீங்கான் கல்வத்தில், சிறிதளவு தூய மணலும் ஒரு சிட்டிகை மெக்னீசியம் கார்பனேட்டும் சேர்த்து, 80 சதவீத அசிட்டோன் விட்டு அரைக்க வேண்டும். மணல் செல்களை உடைக்கும். கார்பனேட் இலையிலிருந்து வெளிவரும் அமிலத்தை நடுநிலையாக்கும். அரைத்ததைச் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, தெளிந்த பச்சைச் சாற்றை எடுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலில் மீண்டும் அசிட்டோன் விட்டுக் கழுவ வேண்டும். வண்டல் வெளுக்கும் வரை இது தொடரும். வண்டலில் பச்சை மிச்சமிருந்தால் அந்தப் பச்சையம் கணக்கில் வராமலே போய்விடும். எல்லாச் சாற்றையும் ஓர் அளவுக் குடுவையில் சேர்த்து 25 மில்லிலிட்டருக்குக் கொண்டுவர வேண்டும். வேலை முழுவதும் மங்கிய வெளிச்சத்தில் நடப்பது நல்லது, ஏனென்றால் கரைசலில் உள்ள பச்சையத்தை ஒளி சிதைக்கும்.

வெறும் 80 சதவீத அசிட்டோனை வைத்துக் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு சாற்றை அளக்கிறார்கள். 663.6இல் 0.742, 646.6இல் 0.312 என்று வருவதாகக் கொள்வோம். மூன்றாவதாக 750 நானோமீட்டரிலும் ஓர் அளவீடு எடுக்கப்படுகிறது. அந்த அலைநீளத்தில் பச்சையங்கள் இரண்டுமே ஏறத்தாழ எதையும் உறிஞ்சுவதில்லை. எனவே அங்கே ஏதேனும் எண் வந்தால் அது நிறத்தால் வந்ததல்ல. சாற்றில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வந்தது. இங்கே அது 0.004. அதை இரண்டு அளவீடுகளிலிருந்தும் கழித்தால் 0.738, 0.308.

சூத்திரத்தில் இட்டால் ஏ: 13.71 × 0.738 என்பது 10.12. அதிலிருந்து 2.85 × 0.308 ஆகிய 0.88ஐக் கழித்தால் 9.24 மைக்ரோமோல். பி: 22.39 × 0.308 என்பது 6.90. அதிலிருந்து 5.42 × 0.738 ஆகிய 4.00ஐக் கழித்தால் 2.90 மைக்ரோமோல். ஏ-க்கும் பி-க்கும் உள்ள விகிதம் 3.19.

விடை சரியா என்று பார்க்க, செறிவுகளை மூலச் சமன்பாடுகளில் திரும்ப இடலாம். 646.6இல் ஏ-யின் பங்கு 0.01858 × 9.24, அதாவது 0.172. பி-யின் பங்கு 0.04704 × 2.90, அதாவது 0.136. கூட்டினால் 0.308. அளந்த எண்ணே திரும்பி வருகிறது. பி-யின் உச்ச அலைநீளத்தில் பி-யைவிட ஏ அதிகமாக உறிஞ்சியிருப்பதை இங்கே எண்களாகவே காணலாம். இந்தப் பங்கைக் கழிக்காமல், 0.308 முழுவதும் பி-யினுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தால் பி 6.5 மைக்ரோமோல் என்று வந்திருக்கும். உண்மையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஏ-யில் அதே தவறைச் செய்தால் 9.6 வரும், பிழை வெறும் 4 சதவீதம். ஒரே வகைத் தவறு, ஒரு நிறமிக்குச் சிறு பிசகாகவும் மற்றொன்றுக்குப் பெரும் பொய்யாகவும் ஆகிறது.

மோலை எடையாக்க மூலக்கூறு நிறை தேவை. ஏ-க்கு 893.5, பி-க்கு 907.5. அதன்படி லிட்டருக்கு ஏ 8.26 மில்லிகிராம், பி 2.63 மில்லிகிராம், மொத்தம் 10.89. சாறு 25 மில்லிலிட்டர் என்பதால் அதில் உள்ள மொத்தப் பச்சையம் 0.272 மில்லிகிராம். அது 100 மில்லிகிராம் இலையிலிருந்து வந்தது. எனவே ஒரு கிராம் பசும் இலைக்கு 2.7 மில்லிகிராம் பச்சையம்.

அந்த விகிதம் ஏன் முக்கியம்? ஒளிச்சேர்க்கையின் வினை மையங்களில் இருப்பது பச்சையம் ஏ மட்டுமே. பி இருப்பது ஒளியைச் சேகரித்து அந்த மையங்களுக்கு அனுப்பும் புரதத் தொகுதிகளில். நிழலில் வளரும் இலை, கிடைக்கும் குறைந்த ஒளியையும் விடாமல் பிடிக்க, ஒளி சேகரிக்கும் தொகுதிகளை அதிகமாக அமைத்துக்கொள்கிறது. அதனால் பி-யின் பங்கு உயர்ந்து விகிதம் குறைகிறது. நல்ல வெயிலில் வளர்ந்த இலையில் விகிதம் கூடுதலாக இருக்கும். இலை எந்த ஒளியில் வளர்ந்தது என்பதை இந்த ஓர் எண்ணே ஓரளவு சொல்லிவிடுகிறது. ஆனால் அது சொல்லும் வேறுபாடுகள் சிறியவை. மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். எனவே பி-யில் வரும் சிறு பிழையும் கதையை மாற்றிவிடும்.

மேலே கண்ட சாற்றில் 646.6இன் அளவீடு மட்டும் 0.005 கூடுதலாக வந்திருந்தால் பி ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும், ஏ 0.2 சதவீதம்கூட மாறாது. சாற்றைச் சரியாகச் சுழற்றாமல் கலங்கலாக விட்டு, 750இலும் அளக்காமல் விட்டதாகக் கொள்வோம். கலங்கல் இரண்டு அலைநீளங்களிலும் 0.020 அளவு கூட்டிவிட்டால், ஏ 2 சதவீதத்துக்குச் சற்று மேல் உயரும், பி 12 சதவீதம் உயரும். விகிதம் 3.19இலிருந்து 2.92க்கு இறங்கிவிடும். வெயிலில் வளர்ந்த இலை நிழலில் வளர்ந்ததுபோல் தோன்றும். காரணம் இலையில் இல்லை, குவெட்டில் மிதக்கும் தூசியில். 750இல் ஓர் அளவீடு எடுக்கச் சில நொடிகளே ஆகும். அதை விட்டுவிடுவதற்கு நியாயமே கிடையாது.

பி-யின் கணக்கு இவ்வளவு எளிதில் ஆட்டம் காண்பதற்குக் காரணம், அது ஒரு பெரிய எண்ணிலிருந்து மற்றொரு பெரிய எண்ணைக் கழித்து வருவது. 6.90 கழித்தல் 4.00. இரண்டில் எதில் சிறு பிழை வந்தாலும், மிஞ்சும் சிறிய எண்ணில் அது பெரிதாகத் தெரியும். ஏ-யின் கணக்கிலோ 10.12இலிருந்து 0.88ஐ மட்டுமே கழிக்கிறோம். எந்த இரண்டு பொருள்களின் கலவைக்கும் இது பொருந்தும். இரண்டு அலைநீளங்களிலும் இரு பொருள்களும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் உறிஞ்சுமானால், இரண்டாவது அளவீடு முதலாவது சொன்னதையே திரும்பச் சொல்கிறது. கணக்கு விடை தரும், ஆனால் அந்த விடையில் பிழைதான் மேலோங்கியிருக்கும். எனவே அலைநீளங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓரிடத்தில் ஒரு பொருள் ஓங்கியும் மற்றோரிடத்தில் இன்னொன்று ஓங்கியும் இருக்குமாறு பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலின்படி நீலப் பகுதி இன்னும் பொருத்தமாகத் தோன்றலாம். பச்சையங்கள் அங்கே சிவப்பைவிட வலுவாக உறிஞ்சுகின்றன, உச்சங்களும் நன்றாக விலகியிருக்கின்றன. ஆனால் இலைச் சாற்றில் கரோட்டினாய்டுகள் என்னும் மஞ்சள் நிறமிகளும் உண்டு. அவையும் நீல ஒளியை வலுவாக உறிஞ்சும். சிவப்புப் பகுதியில் அவை உறிஞ்சுவதில்லை. மூன்றாவது ஒன்று குறுக்கிடாத இடம் என்பதால்தான் சிவப்புப் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது.

குணகங்கள் ஒரு குறிப்பிட்ட கரைப்பானுக்கு மட்டுமே உரியவை என்பதையும் மறக்கக் கூடாது. இலைக்குள் பச்சையம் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அங்கே அதன் சிவப்பு உச்சம் இன்னும் நீண்ட அலைநீளத்தில் இருக்கிறது. மெத்தனாலில் கரைத்தால் உச்சங்கள் இரண்டும் இடம் மாறி, ஏறக்குறைய 665உம் 652உம் ஆகின்றன. அசிட்டோனின் விகிதம் மாறினாலும் எண்கள் நகரும். பசும் இலையின் எடையில் பெரும்பகுதி நீர். 100 மில்லிகிராம் இலையை 25 மில்லிலிட்டரில் கரைக்கும்போது அந்த நீர் ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒரு கிராம் இலையில் 5 மில்லிலிட்டர் 80 சதவீத அசிட்டோனை ஊற்றினால், இலையின் நீரும் கலந்து அது 70 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சூத்திரம் 80 சதவீதத்துக்கு எழுதப்பட்டது. குவெட்டில் இருப்பதோ வேறு திரவம்.

கருவிக்கும் சில எல்லைகள் உண்டு. பச்சையத்தின் சிவப்பு உச்சம் குறுகலானது. ஒரே அலைநீளம் என்று கருவி அனுப்பும் ஒளி உண்மையில் ஒரு சிறு பட்டை. அந்தப் பட்டை 20 நானோமீட்டர் அகலம் உள்ள எளிய கருவிகளில், உச்சமும் அதன் சரிவுகளும் சேர்ந்து சராசரியாகிவிடுவதால் அளவீடு குறைந்து வரும். இரண்டு நானோமீட்டருக்குள் பட்டை உள்ள நல்ல நிறமாலை ஒளிமானி தேவை. அலைநீள அளவுகோல் ஒன்றிரண்டு நானோமீட்டர் பிசகியிருந்தாலும் தொல்லைதான், ஏனென்றால் 646.6இல் ஏ-யின் வளைவு சமதளமாக இல்லாமல் சரிவாக இருக்கிறது. உறிஞ்சளவு 0.3க்கும் 0.85க்கும் இடையே இருந்தால் நம்பலாம். அதற்குக் கீழே கருவியின் இரைச்சல் பெரிதாகத் தெரியும். மிக உயர்ந்தால் வெளியே வரும் ஒளி குறைந்து, கருவிக்குள் வழிதவறி வரும் வெளிச்சம் எண்ணைக் கெடுக்கும். சாறு அடர்த்தியாக இருந்தால் அதே கரைப்பானைச் சேர்த்து நீர்க்கச் செய்து அளந்து, பிறகு மடங்கால் பெருக்கிக்கொள்ளலாம். குவெட் கண்ணாடியாக இருக்க வேண்டும். மலிவான பாலிஸ்டைரின் குவெட்டுகளை அசிட்டோன் கரைத்துக் கலங்கலாக்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமான பிரச்சினை ஒன்று உண்டு. இரண்டு அளவீடுகளும் இரண்டு செறிவுகளும் மட்டும் இருக்கும்போது, எந்த எண்களை இட்டாலும் கணக்கு ஒரு விடை தந்துவிடும். சாற்றில் மூன்றாவதாக ஒரு நிறமி இருந்தாலும் தரும். முன்பு விடையைத் திரும்ப இட்டுச் சரிபார்த்தது கூட்டல் கழித்தலைத்தான் சோதிக்கும்; சாற்றில் இருப்பவை அந்த இரண்டு நிறமிகள் மட்டும்தானா என்பதைச் சோதிக்காது. இலைச் சாற்றில் இந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் பியோபைட்டின். பச்சைய மூலக்கூறின் நடுவே ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சாற்றில் அமிலம் சேர்ந்தால் அது வெளியேறிவிடும், மிஞ்சுவது பியோபைட்டின். புளிப்பான காய், கனி, பழைய இலை, வெயிலில் வைத்த சாறு ஆகியவற்றில் இது எளிதில் உருவாகும். சாற்றின் பச்சை மங்கி ஆலிவ் பழுப்புக்கு மாறுவதே முதல் அடையாளம். அதுவும் சிவப்பில் உறிஞ்சும், ஆனால் பச்சையத்தைவிடக் குறைவாக. இரண்டு சமன்பாடுகளும் அதைப் பச்சையமாகவே எண்ணி, இரண்டு செறிவுகளையும் தவறாகச் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்றாவது அலைநீளம் உதவும். கணக்கிட்ட செறிவுகளை வைத்து வேறோர் அலைநீளத்தில் உறிஞ்சளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி, அங்கே அளந்து ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் சாற்றில் வேறு ஏதோ இருக்கிறது. 652 நானோமீட்டரை ஒட்டி இரண்டு பச்சையங்களின் வளைவுகளும் வெட்டிக்கொள்கின்றன. அங்கே மொத்த அளவை மட்டும் தனியாகச் சரிபார்க்கலாம். ஏரி, கடல் நீரிலுள்ள பாசியை ஆய்பவர்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். 90 சதவீத அசிட்டோன் சாற்றை 664இல் அளந்துவிட்டு, துளி அமிலம் சேர்த்து 665இல் மீண்டும் அளப்பார்கள். பச்சையம் ஏ முழுவதும் நல்ல நிலையில் இருந்தால் முதல் அளவீடு இரண்டாவதைப் போல் 1.7 மடங்கு இருக்கும். முன்பே பியோபைட்டினாகிவிட்டிருந்தால் அமிலத்தால் மாற்றம் எதுவும் வராது. விகிதம் 1 ஆகும். மற்றொரு சோதனை சயனோபாக்டீரியா. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பச்சையம் பி கிடையாது. அவற்றின் சாற்றில் பி-க்குப் பூஜ்யத்தை ஒட்டிய எண் வர வேண்டும். அங்கே கணிசமான பி வந்தாலோ, எதிர்மறையான பெரிய எண் வந்தாலோ, கருவியிலோ குணகத்திலோ குறை இருக்கிறது.

குணகத்தில் குறை இருக்க முடியுமா என்றால், முடியும். இத்துறையின் வரலாற்றில் அதுவே நடந்தது. பெர்க்லியில் பணியாற்றிய டேனியல் ஆர்னன் 1949இல் பீட் செடியின் பசுங்கணிகங்களில் உள்ள ஒரு தாமிர நொதியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் பச்சையத்தை அளக்க, 1941இல் மக்கின்னி வெளியிட்ட குணகங்களை வைத்து 645, 663 நானோமீட்டர்களுக்குச் சூத்திரங்கள் தந்தார். லிட்டருக்கு மில்லிகிராமில் அவை:

ஏ = 12.7 × A(663) − 2.69 × A(645)
பி = 22.9 × A(645) − 4.68 × A(663)

கட்டுரையின் பொருள் நொதி. ஆனால் உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இந்தச் சூத்திரங்களைத்தான். தாவர அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாக அது ஆனது. ஆனால் அடித்தளமான பழைய குணகங்கள் துல்லியமானவை அல்ல. போராவும் கூட்டாளிகளும் தூய பச்சையங்களை மீண்டும் தயாரித்து, கரைசலில் உண்மையில் எவ்வளவு பச்சையம் இருக்கிறது என்பதை ஒளியைச் சாராத வேறு வழியில் உறுதி செய்தார்கள். ஒவ்வொரு பச்சைய மூலக்கூறிலும் ஒரே ஒரு மெக்னீசியம் அணு இருப்பதால், கரைசலில் உள்ள மெக்னீசியத்தை அணு உறிஞ்சல் முறையில் அளந்தாலே பச்சையத்தின் அளவு தெரிந்துவிடும். மிக அழகான தீர்வு இது. அப்படிப் பார்த்ததில், ஆர்னன் சூத்திரங்கள் தரும் ஏ-பி விகிதம் எப்போதும் குறைவாகவே வருகிறது என்பதும், ஏ-யின் பங்கு கூடக்கூட அந்தப் பிழையும் கூடுகிறது என்பதும் தெரியவந்தது.

ஆனாலும் ஆர்னன் சூத்திரங்கள் இன்றும் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் வாழ்கின்றன. ஒரே சோதனைக்குள் இரண்டு இலைகளை ஒப்பிடும்போது பழைய சூத்திரமும் எந்த இலையில் அதிகம் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் ஓர் ஆய்வகம் ஆர்னன் முறையில் கண்ட விகிதத்தையும் மற்றொன்று போரா முறையில் கண்ட விகிதத்தையும் பக்கத்தில் வைத்து, வேறுபாட்டுக்குச் செடியில் காரணம் தேடுவது தவறு.

ஆகவே பச்சைய அளவை வெளியிடுவோர் முடிவு எண்ணை மட்டும் தராமல், எந்தக் கரைப்பான், எந்த இரண்டு அலைநீளங்கள், யாருடைய குணகங்கள் என்ற மூன்றையும், 750 கழித்த மூல அளவீடுகளையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.